புள்ளி தொலைந்த நீர்: எழுத்து மட்டுமே உள்ள சுவரொட்டியை மதிப்பிடும்போது நேரும் தவறுகள்

மொரிசியஸில் தமிழ்ச் சங்கங்களும் பள்ளிகளும் நடத்தும் சுவரொட்டிப் போட்டிகளில் ‘படம் கூடாது, எழுத்து மட்டும்’ என்ற பிரிவு ஒன்று வைத்தால் நடுவர்கள் இரண்டாகப் பிரிவது வழக்கம். தமிழைச் சரளமாகப் படிப்பவர் வாசகத்தைப் படித்து, அது நல்ல வாசகமா என்று மதிப்பெண் போடுகிறார். வீட்டில் கிரியோலும் வேலையிடத்தில் பிரெஞ்சுமாக வளர்ந்து தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பவர், கோலத்தைப் பார்ப்பதுபோல் பார்த்து அழகாக இருக்கிறதா என்று போடுகிறார். இருவரும் பாதிச் சுவரொட்டியைத்தான் பார்த்திருக்கிறார்கள். இந்த வகைச் சுவரொட்டியில் சொல்லின் பொருளும் சொல்லின் உருவமும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அந்தப் பிடி இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

ஒரு மாதிரியை வைத்துக்கொண்டே பேசலாம். கோடை மழைக்கு முன் குழாயில் தண்ணீர் மணிக்கணக்கில் நின்றுபோகும் மாதங்களுக்காக ஒரு சுவரொட்டி. ஏ2 தாள்: 420 மி.மீ. அகலம், 594 மி.மீ. உயரம். அதில் ‘நீர்’ என்ற சொல் மட்டும் வரிக்கு ஐந்து முறை, பன்னிரண்டு வரிகளில் திரும்பத் திரும்ப வருகிறது. ரகரத்தின் உயரம் 24 மி.மீ. முதல் வரியில் ரகரத்தின் மேல் உள்ள புள்ளி 6 மி.மீ. விட்டம். வரிக்கு அரை மி.மீ. குறைந்துகொண்டே வந்து கடைசி வரியில் அரை மி.மீ. மட்டும் மிஞ்சுகிறது. அடியில் 18 மி.மீ. உயரத்தில் ‘ஒவ்வொரு துளியையும் சேமிப்போம்’ என்ற வரி.

யோசனை அருமையானது. புள்ளிதான் துளி. அது போனால் ‘நீர’ என்றாகிவிடும், சொல்லே நிற்காது. வேறு எந்த எழுத்திலும் இதைச் செய்ய முடியாது என்பதே அதன் பலம். இதைச் சோதிக்க எளிய வழி உண்டு: அதே அமைப்பில் ‘நீர்’ என்பதற்குப் பதில் ‘கல்வி’ என்று போட்டுப் பாருங்கள். சுவரொட்டி முன்போலவே நன்றாக இருந்தால் யோசனை எழுத்தில் இல்லை, அலங்காரத்தில்தான் இருக்கிறது. சொட்டுச் சொட்டாக வழியும் எழுத்துருவில் ‘நீர்’ என்று அடித்துக் கொடுக்கும் படைப்புகள் இந்தச் சோதனையில்தான் விழும். அந்த வழிசலைச் செய்தவர் எழுத்துருவை வரைந்தவர், போட்டியாளர் அல்லர். புள்ளியை நீலத் துளி வடிவில் வரைந்து வைப்பதும் அப்படித்தான், அது படம். புள்ளி புள்ளியாகவே இருந்து துளியாகத் தோன்ற வேண்டும்.

ஆகவே நம் மாதிரி முதல் கேள்வியில் தேறிவிட்டது. ஆனாலும் பரிசுக்கு உரியது அன்று. ஏன் என்று கண்டுபிடிக்கும் இடத்தில்தான் நடுவர்கள் தவறுகிறார்கள்.

மேசைமேல் வைத்துப் பார்ப்பது

கைக்கெட்டும் தூரத்தில் மேசைமேல் விரித்தாலோ கணினித் திரையில் பெரிதாக்கினாலோ அந்த அரை மி.மீ. வித்தியாசங்கள் நன்றாகத் தெரிகின்றன. ‘எவ்வளவு நுணுக்கம்!’ என்று தோன்றுகிறது. சுவரொட்டி தொங்கப்போவது கோயில் வாசலிலோ பேருந்து நிலையத்திலோ. நல்ல பார்வையுள்ள கண் பிரித்தறியும் எல்லை ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. 3 மீட்டர் தூரத்தில் அது ஏறக்குறைய 0.9 மி.மீ., 6 மீட்டரில் 1.75 மி.மீ. அரை மி.மீ. மாற்றம் அங்கே இல்லாததற்குச் சமம்.

சுவரில் மாட்ட இடமில்லாவிட்டால் சுவரொட்டியை 5 செ.மீ. உயரத்துக்குச் சுருக்கி அச்சிட்டு, கண்ணிலிருந்து அரை மீட்டரில் பிடியுங்கள். 6 மீட்டரில் நிற்பவர் காணும் ஏ2 தாளின் அளவு அதுதான். நம் மாதிரியை அப்படிப் பிடித்தால் அறுபது ‘நீர்’களும் சாம்பல் நிறத் துணி நெசவுபோல ஆகிவிடுகின்றன. புள்ளி தேய்வது தெரியவில்லை. யோசனை தாளில் இருக்கிறது, கண்ணுக்கு வரவில்லை.

எண்ணைப் பார்த்து அளவு வேறுபாட்டை முடிவு செய்வது

அளவு வேறுபாடு என்றால் பெரிய எழுத்து என்று பொருளல்ல. பக்கத்தில் இருப்பதைவிட எத்தனை மடங்கு என்பதுதான் கணக்கு. மாதிரியில் 24-க்கு 18, அதாவது நான்குக்கு மூன்று. இந்த விகிதத்தில் இரண்டு வரிகள் இருந்தால், வேண்டுமென்றே செய்ததா, அளவு தவறிவிட்டதா என்றே பார்ப்பவருக்குப் புரியாது. இரண்டு மடங்குக்குக் கீழே இருப்பதைச் சந்தேகத்தோடு பாருங்கள். ஐந்து மடங்கைத் தாண்டினால் ‘இது கூவுகிறது, அது முணுமுணுக்கிறது’ என்பது தானே விளங்கும்.

போட்டியாளர் குறிப்பில் ‘72 பாயின்ட்’ என்று எழுதியிருப்பார். அதை நம்ப வேண்டாம். 72 பாயின்ட் என்பது 25.4 மி.மீ.தான், ஆனால் அது எழுத்து உட்கார்ந்திருக்கும் கட்டத்தின் அளவு, எழுத்தின் அளவு அல்ல. தமிழில் மேல்விலங்குச் சுழிக்கும் புள்ளிக்கும் மேலே இடம் வேண்டும், குகரம் ழுகரம் போன்றவற்றுக்குக் கீழே இடம் வேண்டும். நடுவில் பகரத்துக்குக் கிடைக்கும் உயரம் எழுத்துருவுக்கு எழுத்துரு மாறும். அடிக்கோலை வைத்துப் பகரத்தை அளப்பதே வழி. பக்கத்தில் பிரெஞ்சு வரி பெரிய எழுத்துகளில் இருந்தால் அதையும் அளக்க வேண்டும். ஒரே பாயின்டில் அடித்தாலும் ரோமன் பெரிய எழுத்து தமிழைவிட ஓங்கித் தெரிவது அடிக்கடி நடக்கும்.

மொழிகளைப் பற்றிச் சொல்ல இன்னொன்றும் உண்டு. 1998-இல் வெளிவந்த மொரிசியஸ் ரூபாய் நோட்டுகளில் தமிழ் வரி வழக்கமான இரண்டாம் இடத்திலிருந்து மூன்றாம் இடத்துக்குப் போனதும், தமிழர்களின் எதிர்ப்புக்குப் பின் அந்த நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டதும் இங்கே எல்லோருக்கும் தெரியும். எந்த எழுத்து மேலே நிற்கிறது என்பதே ஒரு பேச்சு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அப்படிப்பட்ட நாட்டில் யாருக்கும் மனத்தாங்கல் வராமல் மூன்று மொழிகளையும் ஒரே உயரத்தில் போடத் தோன்றுவது இயல்பு. அறிவிப்புப் பலகைக்கு அது சரி. எழுத்துச் சுவரொட்டிக்கு ஆகாது: மூன்றும் ஒரே குரலில் பேசினால் யோசனையைச் சொல்லும் குரல் எது? நடுவர் அந்தச் சமத்துவத்துக்கு மதிப்பெண் கொடுக்கக் கூடாது.

ஒரே சீராக இருப்பதைத் தாளம் என்று எண்ணுவது

அதிகமாக நடக்கும் தவறு இது. வரிகள் சம இடைவெளியில் நிற்கின்றன, மாற்றம் படிப்படியாக வருகிறது, எனவே தாளம் இருக்கிறது என்று எழுதிவிடுகிறார்கள். சம இடைவெளி தாளத்துக்கு வெறும் கட்டாந்தரை. வெண்பாவை நினைத்துப் பாருங்கள். அடிதோறும் நான்கு சீர் வந்து காது பழகிய பிறகு ஈற்றடி மூன்றே சீரில் நிற்கிறது. முடிந்தது என்று காதுக்குத் தெரிவது அந்தக் குறைவால்தான். முதல் அடியிலிருந்தே அடிக்கு ஓர் அசை குறைந்துகொண்டு வந்தால் அந்த நிறுத்தம் கிடைக்காது. நம் மாதிரியில் நடந்திருப்பது அதுதான். முதல் வரியிலேயே தேயத் தொடங்கிவிடுவதால் ‘இயல்பு நிலை’ எது என்று கண் கற்றுக்கொள்ளவே இல்லை.

தமிழுக்கே உரிய இடைஞ்சலும் ஒன்று இதில் உண்டு. ஓலைச் சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி வைக்காமல்தான் எழுதினார்கள். படிப்பவர் இடம் பார்த்துச் சேர்த்துக்கொண்டார். இன்றும் சரளமாகப் படிக்கும் கண் அதையே செய்கிறது. புள்ளி இல்லாத ‘நீர’வைத் தனியே காட்டினால் ‘நீர்’ என்று படித்துவிட்டு நகர்ந்துவிடும். புள்ளி அங்கே இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பை முன்வரிகள் உண்டாக்கினால்தான் அதன் இல்லாமை தைக்கும். எழுத்துக்கூட்டிப் படிப்பவர் இதை முதலில் கண்டுபிடிப்பதும் உண்டு. அந்த நடுவரின் கருத்தைத் தள்ளிவிடாதீர்கள்.

சரி, இதே யோசனை எப்படி நின்றிருக்க வேண்டும்? மேலும் கீழும் 27 மி.மீ. ஓரம் விட்டால் 540 மி.மீ. உயரம் கிடைக்கிறது. பன்னிரண்டுக்குப் பதில் ஐந்தே வரி, வரிக்கு ஒரே ‘நீர்’. ஒரு வரிக்கு 108 மி.மீ.; அதில் ரகரம் 60 மி.மீ. முதல் மூன்று வரிகளில் புள்ளி 16 மி.மீ., மாற்றமே இல்லை. நான்காவதில் 8. ஐந்தாவதில் இல்லை. 8 மி.மீ. சரிவு 6 மீட்டருக்கு அப்பாலும் தெரியும். மூன்று முறை ஒரே மாதிரி வந்ததால் கண் பழகிவிட்டது, நான்காவதில் தடுக்குகிறது, ஐந்தாவதில் விழுகிறது.

வரிகளுக்கு நடுவே மிஞ்சும் 48 மி.மீ.யைப் பங்கிடுவதிலும் கவனம் வேண்டும். புள்ளி தன் ரகரத்துக்கு மேலே 6 மி.மீ. தள்ளி நிற்கட்டும். மேல்வரி ரகரத்தின் வால் 10 மி.மீ. இறங்கினால், அந்த வாலுக்கும் புள்ளிக்கும் 16 மி.மீ. மிஞ்சும். இரண்டு இடைவெளிகளும் சமமாகிவிட்டால் புள்ளி யாருடையது என்ற குழப்பம் வரும். மேல்வரியிலிருந்து சொட்டுவதுபோல் இருக்கிறதே என்று அதையும் சிலர் பாராட்டுவார்கள். அது வேறொரு சுவரொட்டி.

எழுத்துருவையும் பார்க்க வேண்டும். ரகரத்துக்கு வால் இல்லாமல் துணைக்காலைப் போலவே வரைந்த எழுத்துருக்கள் நிறைய உண்டு. அவற்றில் புள்ளி போன கடைசி வரி ‘நீா’ என்று அர்த்தமில்லாமல் நிற்கும். தட்டச்சுப் பிழை என்று எண்ணி விலகிவிடுவார்கள். எழுத்துகளுக்கு இடையே ஒரே அளவாக இடைவெளியைக் கூட்டுவதும் இதே வம்பைக் கொண்டுவரும். ரோமன் எழுத்தில் அது நாகரிகமாகத் தெரியும். தமிழில் ‘கா’வின் கால் விலகி ‘கர’ ஆகும், ‘கொ’ மூன்று துண்டாகும். தாளத்துக்காகத் தளர்த்தினேன் என்று போட்டியாளர் சொன்னாலும் உயிர்மெய் உடையும் இடத்தில் மதிப்பெண் குறைய வேண்டும்.

அடியில் இருக்கும் ‘ஒவ்வொரு துளியையும் சேமிப்போம்’? அந்த வரியை எடுத்துவிட்டால் சுவரொட்டி உயரும் என்பதே எங்கள் கணிப்பு. எழுத்து சொல்லி முடித்ததை வாசகம் மறுபடி சொல்கிறது. யோசனையின் மேல் போட்டியாளருக்கே நம்பிக்கை இல்லை என்பதன் அடையாளம். அந்த இடத்தில், ஒழுகும் குழாயைத் தெரிவிக்க அழைக்க வேண்டிய எண் 8 மி.மீ. உயரத்தில் இருக்கட்டும். 60-க்கு 8 என்றால் ஏழரை மடங்கு வேறுபாடு. தூரத்தில் நிற்பவருக்கு விழும் புள்ளி, நெருங்கி வந்தவருக்கு எண்.

கடைசியாக மதிப்பெண் தாள். யோசனை, அளவு, தாளம், நிறம், தூய்மை என்று ஐந்துக்கும் பத்துப் பத்தாகக் கொடுத்துக் கூட்டினால் எதிலும் ஏழு வாங்கிய சுமார் படைப்பு வென்றுவிடும். சொல்லை மாற்றிப் பார்க்கும் சோதனையையும் 5 செ.மீ. சோதனையையும் ‘தேறியதா?’ என்று கேட்டு, ஆம், இல்லை என்று முதலில் முடித்துவிடுங்கள். இரண்டிலும் ‘ஆம்’ வாங்கியவற்றுக்கு மட்டும் அளவுக்கும் தாளத்துக்கும் எண் போடுங்கள். நிறத்தைக் கேட்கவே வேண்டாம். எல்லாவற்றையும் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டு மாட்டினால் அந்தப் பேச்சே எழாது.