கையில் இரண்டு ஆஃபர்: எதை எடுப்பது, எவ்வளவு கேட்பது, எப்போது சேர்வது

மென்பொருள் வேலைக்கு இரண்டு ஆஃபர் வந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். முதல் கம்பெனி 16 லட்சம் சிடிசி, இரண்டாவது 15 லட்சம். இப்போதைய வேலையில் நோட்டீஸ் பீரியட் 90 நாள். சிடிசியை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் இங்கே ஏமாந்துவிடுவீர்கள்.

படி 1: சிடிசியைப் பிரித்துப் போடுங்கள்

இரண்டு கம்பெனி எச்.ஆரிடமும் சம்பளப் பிரிவு அட்டவணையை மெயிலில் கேளுங்கள். அது வராமல் பேரத்தைத் தொடங்கவே வேண்டாம்.

முதல் கம்பெனியின் 16 லட்சத்தில் பேசிக் 8 லட்சம். வேரியபிள் பே 2,40,000, ஜாயினிங் போனஸ் 1,00,000, கம்பெனி கட்டும் பி.எஃப் 96,000, கிராஜுவிட்டி 38,480, இன்ஷூரன்ஸ் 15,000. இவற்றைக் கழித்தால் மிஞ்சுவது 11,10,520, அதாவது மாதம் சுமார் 92,500. அதிலும் உங்கள் பங்கு பி.எஃப் 8,000 பிடித்துவிடுவார்கள். வரிக்கு முன் கையில் 84,500.

இரண்டாவது கம்பெனியில் வேரியபிள் கிடையாது, இன்ஷூரன்ஸ் சிடிசிக்கு வெளியே. பி.எஃப் மாதம் 1,800 மட்டும். இந்த பி.எஃப்பும் வருட கிராஜுவிட்டி 36,075-உம் போக மாதம் 1,20,200 வரும், உங்கள் பங்கு 1,800 போனால் 1,18,400.

பி.எஃப் உங்கள் பணம்தான். இரு தரப்புப் பங்கையும் சேர்த்தால் முதல் கம்பெனியில் மாதம் 12,400 கூடுதலாகச் சேர்கிறது. அதை ஈடுகட்டிப் பார்த்தாலும் 15 லட்சம் ஆஃபர்தான் மாதம் 21,000-க்கு மேல் அதிகம் தருகிறது. கிராஜுவிட்டியைக் கணக்கில் சேர்க்காதீர்கள். வழக்கமான நிரந்தர வேலையில் அது ஐந்து வருடம் முடித்தால்தான் கைக்கு வரும். ஜாயினிங் போனஸும் இரண்டாம் வருடம் இருக்காது.

படி 2: எதைக் கேட்பது

வேலை முதல் கம்பெனியில்தான் பிடித்திருக்கிறது என்றால், "இன்னும் கொஞ்சம் கூட்டித் தாருங்கள்" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். இப்படிச் சொல்லுங்கள்:

"மேடம், ரோல் எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. ஆனா இன்னொரு ஆஃபர்ல ஃபிக்ஸடே 14.4 லட்சம் வருது. வேரியபிள் 2.4 லட்சத்தை ஃபிக்ஸடுக்கு மாத்திக் கொடுத்தா, இந்த வாரமே அக்செப்ட் பண்ணிடுறேன்."

இதனால் சிடிசி 16 லட்சத்தைத் தாண்டாது. உங்களுக்கு மாதம் 20,000 வரை ஏறும். ஆனால் பல கம்பெனிகளில் வேரியபிள் சதவீதம் கிரேடோடு கட்டப்பட்டிருக்கும், எச்.ஆர் நினைத்தாலும் மாற்ற முடியாது. அப்படிச் சொன்னால் ஃபிக்ஸடைக் கூட்டக் கேளுங்கள், அதுவும் நடக்காவிட்டால் ஜாயினிங் போனஸை சிடிசிக்கு வெளியே தரச் சொல்லுங்கள். ஒரே ஒரு முறை தரும் தொகை என்பதால் அதற்கு ஒப்புதல் வாங்குவது பெரும்பாலும் சுலபம். வருடத்துக்குள் விலகினால் அதைத் திருப்பிக் கட்ட வேண்டுமா, வரி பிடித்த பின் வந்த தொகையையா முழுத் தொகையையா என்பதையும் அப்போதே கேளுங்கள்.

இல்லாத ஆஃபரை இருப்பதாகச் சொல்லாதீர்கள். "லெட்டரை அனுப்புங்க" என்று கேட்பது இங்கே சர்வசாதாரணம். போனில் ஒத்துக்கொண்டது எதுவானாலும், திருத்திய ஆஃபர் லெட்டரில் வந்தால்தான் கணக்கு.

படி 3: நோட்டீஸும் சேரும் தேதியும்

பலரும் சறுக்கும் இடம் இதுதான். முதல் அழைப்பிலேயே "30 நாள்ல வந்துடுவேன்" என்று சொல்லிவிடுவார்கள். பிறகு மேனேஜர் விடமாட்டார், ஆஃபர் லெட்டரில் உள்ள தேதி தாண்டிவிடும். அந்தத் தேதிக்குள் சேராவிட்டால் ஆஃபர் செல்லாது என்று அதே லெட்டரில் ஒரு வரி இருப்பதைப் பலர் படிப்பதில்லை.

முதலில் உங்கள் பழைய அப்பாயின்ட்மென்ட் லெட்டரை எடுங்கள். மூன்று விஷயம் பாருங்கள்: நோட்டீஸ் எத்தனை நாள், மீதி நாளுக்குப் பணம் கட்டிவிட்டு முன்பே விலகும் பைஅவுட் உண்டா, உண்டென்றால் அந்தத் தொகை பேசிக்கிலா கிராஸிலா. பேசிக் மாதம் 30,000, கிராஸ் 65,000 என்றால், 45 நாளுக்கு முன்னதற்கு 45,000, பின்னதற்கு 97,500. கம்பெனி சம்மதித்தால் மட்டுமே பைஅவுட் என்று எழுதியிருந்தால், பணம் கட்டத் தயாராக இருந்தாலும் மேனேஜர் மறுக்கலாம்.

புதிய எச்.ஆரிடம் கேட்க வேண்டியவை:

- 90 நாள் முழுதாகக் காத்திருப்பீர்களா?
- சீக்கிரம் வேண்டுமென்றால் பைஅவுட் தொகையை நீங்கள் தருவீர்களா, எந்த மாதச் சம்பளத்தோடு?
- வருடத்துக்குள் விலகினால் அதைப் பிடிப்பீர்களா?
- தேதி தள்ளிப்போனால் யாருக்கு, எத்தனை நாள் முன்பு மெயில் போட வேண்டும்?

சேரும் தேதியை லாஸ்ட் வொர்க்கிங் டேக்கு மறுநாளே வைக்காதீர்கள், ஒரு வாரம் இடைவெளி விடுங்கள். சேரும் நாளில் பல கம்பெனிகள் ரிலீவிங் லெட்டர் கேட்கும். அது சில நாள் தாமதமாக வருவது வழக்கம், அதுவரை ரிசிக்னேஷன் ஏற்கப்பட்ட மெயில் போதுமா என்றும் கேட்டு வையுங்கள்.

திருத்திய லெட்டரில் தொகை, தேதி இரண்டையும் சரிபார்த்து, அக்செப்ட் பண்ணிய பிறகுதான் ரிசிக்னேஷன் மெயில் போட வேண்டும். நோட்டீஸ் கணக்கு அந்த மெயில் போன நாளிலிருந்தே ஓடுகிறதா, மேனேஜர் ஏற்ற நாளிலிருந்தா என்பதை அன்றே பழைய எச்.ஆரிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.