தலைவர் உரை: அவர் சொன்னதையே எழுதினேன்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு கூட்டுறவுக் கழகத்தின் ஆண்டறிக்கையைத் தயாரிப்பது என் வேலை. இந்த முறை தலைவர் உரை இப்படித் தொடங்கியது: “சவால்மிக்க சூழலிலும் கழகம் பீடுநடை போடுகிறது.” லாப ஈவு 6 விழுக்காட்டிலிருந்து 4-க்கு இறங்கிய செய்தி கடைசிப் பத்தியில் கிடந்தது. பால்மரம் வெட்டிச் சேர்த்த பணத்தைப் போட்டவர்கள் முதலில் தேடுவதே அதைத்தான்.

ஒவ்வொரு வாக்கியத்தையும் வேறொரு கழகத்தின் பெயர் போட்டுப் படித்தேன். அங்கேயும் பொருந்தினால் அடித்தேன். இரண்டு பக்கத்தில் ஐந்து வரிதான் மிஞ்சியது.

அப்புறம் தலைவரிடம், “ஐயா, ஈவு ஏன் குறைந்ததென்று உறுப்பினர் கேட்டால் என்ன சொல்வீர்கள்?” என்று கேட்டுக் கைப்பேசியில் பதிவு செய்தேன்.

“11 பேர்கிட்ட கடன் நிக்குது. வராக்கடனுக்கு ஒதுக்கினதுல லாபம் சுருங்கிடுச்சு. ஜாமீனை நாங்க சரியா பார்க்கல.”

அதையே எழுத்து நடையில் முதல் பத்தியாக்கினேன். செயலாளர் “கவனக்குறைவு நேர்ந்துள்ளது” என்று திருத்தினார். யாருடைய கவனக்குறைவு என்பது அதில் மறைந்துவிடுகிறது. “நாங்கள்” என்பதைத் திரும்பச் சேர்த்தேன்.

கடைசியாகத் தணிக்கை செய்த கணக்கோடு ஒப்பிட்டேன். தலைவர் நினைவில் 11 பேர், கணக்கில் 13. அச்சுக்குப் போகுமுன் மாற்றினேன்.