மாதவிடாய்க்கு முந்தைய வலியா, கர்ப்பமா?

மார்பு கனத்து வலிக்கிறது, அசதி, வயிறு உப்பல், காரணமில்லாத எரிச்சல். தேதி நெருங்கும்போது இவை வந்தால் மனசு உடனே கணக்குப் போட ஆரம்பித்துவிடும். ஆனால் இவற்றை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. கருமுட்டை வெளியான பின் எல்லா மாதமும் சுரக்கும் புரோஜெஸ்டிரோன்தான் பெரும்பாலும் இதற்குக் காரணம். கரு தங்கினாலும் தங்காவிட்டாலும் அது சுரக்கும்.

கொஞ்சம் துப்பு தருவது நாள்போக்குதான். மாதவிடாய் அறிகுறிகள் உதிரம் தொடங்கியதும் தணியும். கர்ப்பம் என்றால் தேதி தாண்டியும் நீடிக்கும். குமட்டலும் பெரும்பாலும் தேதி தள்ளிய பிறகே வரும். லேசான இளஞ்சிவப்பு அல்லது பழுப்புக் கறை பட்டு, அது பெருகாமல் நின்றுவிட்டால் கரு பதிந்ததாலும் இருக்கலாம், ஆனால் அதுவும் உறுதியில்லை.

28 நாள் சுழற்சி என்றால் கருமுட்டை ஏறக்குறைய 14ஆம் நாள் வெளியாகும். கரு கருப்பையில் பதிய அதன்பின் 6 முதல் 10 நாள் ஆகலாம். பரிசோதனை அட்டை தேடும் எச்.சி.ஜி. ஹார்மோன் அதற்குப் பிறகே ஏறத் தொடங்கும். அதனால் 24ஆம் நாளில் பார்த்து ஒற்றைக் கோடு வந்தால் அதை நம்பாதீர்கள். தேதி தள்ளியதும் காலை முதல் சிறுநீரில் பாருங்கள். அப்போதும் ஒற்றைக் கோடு, உதிரமும் வரவில்லை என்றால் சில நாள் கழித்து மறுபடி பார்க்கலாம்.

அடிவயிற்றில் ஒரு பக்கம் கடுமையான வலி, தலைசுற்றல், மயக்கம் என்றால் அட்டைக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். கரு கருப்பைக்கு வெளியே தங்கியிருக்கலாம்.