படியேறினால் கூடியது, நடந்தால் இறங்கியது

இரவுச் சாப்பாட்டுக்குப் பின் அரை மணி நேரம் வேகமாக நடந்தால் என் சர்க்கரை 172-இலிருந்து 130-க்கு வந்துவிடும். அந்தத் துணிச்சலில் ஒரு நாள் காலை வெறும் வயிற்றில் மாடிப்படிகளில் மூச்சிரைக்க ஏறி இறங்கினேன். தொடங்கும்போது 118; முடித்ததும் 167! விரலைக் கழுவித் துடைத்துவிட்டு மறுபடி குத்திப் பார்த்தேன். அதே கதைதான்.

கருவியில் கோளாறு இல்லை. நடையில் தசைகள் இரத்தத்திலுள்ள சர்க்கரையை நிதானமாக எடுத்துக்கொள்கின்றன. மூச்சு முட்டும் உழைப்பிலோ அட்ரினலின் பொங்குகிறது; கல்லீரல் தன் சேமிப்பைத் திறந்துவிடுகிறது. தசைகள் எடுப்பதைவிட வரத்து அதிகமாகிவிடுகிறது.

இப்போது படியேறி முடித்ததும் பதினைந்து நிமிடம் மெதுவாக நடக்கிறேன். ஒரு மணி நேரம் கழித்தே அளக்கிறேன். பெரும்பாலும் 125-க்குள் இருக்கிறது. உடனே வந்த எண்ணைப் பார்த்து மாத்திரையைக் கூட்டியிருந்தால் அது வம்பு. நான் மெட்ஃபார்மின் மாத்திரை மட்டுமே எடுப்பவன். இன்சுலின் போடுபவர்களுக்கு முதலில் ஏறிய சர்க்கரை பல மணி நேரம் கழித்து, தூக்கத்தில்கூட, அளவுக்கு மீறித் தாழ்ந்துபோகலாம். அவர்கள் படுக்கும் முன் ஒருமுறை அளந்துகொள்வது நல்லது.