தொடக்கம் ஒரு நெடுவரிசை, முடிவு இன்னொன்று: எக்செலில் சரியான மண்டலத்தை எடுப்பது எப்படி?

பார்சல் அனுப்பும் கட்டணப் பட்டியல்கள் பெரும்பாலும் இப்படித்தான் வரும்: இந்தக் குறியீட்டிலிருந்து இந்தக் குறியீடு வரை இந்த மண்டலம், அதற்கு இவ்வளவு கட்டணம். நம்மிடம் இருப்பதோ ஒரே ஒரு குறியீடு. அது எந்த இரண்டு எண்களுக்கு நடுவில் விழுகிறது என்று எக்செல் பார்த்துச் சொல்ல வேண்டும். கீழே உள்ள சின்னப் பட்டியலை ஒரு புதிய தாளில் A1 செல்லிலிருந்து தட்டச்சு செய்துகொள்ளுங்கள். தலைப்பு முதல் வரிசையில், விவரங்கள் 2 முதல் 6 வரையுள்ள வரிசைகளில் இருக்கட்டும்.

| தொடக்கம் (A) | முடிவு (B) | மண்டலம் (C) | கட்டணம் (D) |
|---|---|---|---|
| 10000 | 13999 | வடக்கு | 40 |
| 14000 | 14999 | மலை | 75 |
| 20000 | 25999 | கிழக்கு | 50 |
| 26000 | 28999 | தெற்கு | 55 |
| 40000 | 44999 | தீவு | 120 |

பட்டியலில் 14999க்கு அடுத்து நேராக 20000 வருகிறது. நடுவில் உள்ள 15000 முதல் 19999 வரை எந்த மண்டலத்திலும் இல்லை. 29000 முதல் 39999 வரையும் அப்படியே. முடிவு நெடுவரிசை தனியாக இருப்பதற்கே இந்த இடைவெளிகள்தான் காரணம்.

VLOOKUP எங்கே தவறுகிறது

தேட வேண்டிய குறியீட்டை F2 செல்லில் போடுங்கள். பலரும் முதலில் எழுதுவது இது:

```
=VLOOKUP(F2,$A$2:$D$6,3,TRUE)
```

F2-இல் 14250 என்றால் "மலை" வரும், சரிதான். 17300 என்று மாற்றிப் பாருங்கள். அப்போதும் "மலை" என்றே வரும். TRUE என்று கொடுத்தால் VLOOKUP முதல் நெடுவரிசையை மட்டும் பார்த்து, தேடும் எண்ணைத் தாண்டாத மிகப் பெரிய தொடக்கத்தில் நின்றுவிடும். 17300க்கு அப்படிப்பட்ட தொடக்கம் 14000. அந்த மண்டலம் 14999-லேயே முடிந்துவிட்டது என்று B நெடுவரிசை சொல்கிறது, ஆனால் அதை யாரும் கேட்கவில்லை. பிழைச் செய்தி எதுவும் வராததால் 75 என்ற கட்டணம் அப்படியே பில்லில் ஏறிவிடும்.

இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேட்பது

ஒவ்வொரு வரிசையிடமும் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். உன் தொடக்கம் இந்த எண்ணுக்குச் சமமா, அல்லது குறைவா? உன் முடிவு இந்த எண்ணுக்குச் சமமா, அல்லது அதிகமா? இரண்டுக்கும் ஆம் என்று சொல்லும் வரிசைதான் நமக்கு வேண்டியது. G2 செல்லில் இதை எழுதுங்கள்:

```
=XLOOKUP(1,($A$2:$A$6<=F2)*($B$2:$B$6>=F2),$C$2:$C$6,"மண்டலம் இல்லை")
```

F2-இல் 20450 இருக்கிறது என்று வைத்து உள்ளே நடப்பதைப் பார்ப்போம். முதல் கேள்விக்கு ஐந்து வரிசைகளும் தரும் பதில்: ஆம், ஆம், ஆம், இல்லை, இல்லை. இரண்டாவது கேள்விக்கு: இல்லை, இல்லை, ஆம், ஆம், ஆம். இவற்றைப் பெருக்கும்போது எக்செல் ஆம் என்பதை 1 ஆகவும் இல்லை என்பதை 0 ஆகவும் எடுத்துக்கொள்ளும். விடை 0, 0, 1, 0, 0. XLOOKUP அதில் 1 எங்கே என்று தேடி, மூன்றாவது இடத்தில் கண்டு, C நெடுவரிசையின் மூன்றாவது மதிப்பான "கிழக்கு" என்பதைத் தருகிறது.

17300 கொடுத்தால் முதல் கேள்விக்கு ஆம் சொல்வது முதல் இரண்டு வரிசைகள், இரண்டாவதற்கு ஆம் சொல்வது கடைசி மூன்று. இரண்டுக்கும் ஆம் சொல்ல யாரும் இல்லை, எல்லாமே 0. எனவே "மண்டலம் இல்லை" என்று வரும். பட்டியல் ஏறுவரிசையில் அடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இங்கே இல்லை.

டாலர் குறிகளை விட்டுவிடாதீர்கள். விட்டால், ஃபார்முலாவைக் கீழே இழுக்கும்போது பட்டியலின் எல்லையும் கூடவே நகர்ந்து, மேல் வரிசைகள் ஒவ்வொன்றாகக் கழன்றுபோகும். உங்கள் கணினியில் காற்புள்ளியை ஏற்காமல் பிழை காட்டினால் அந்த இடங்களில் அரைப்புள்ளி போட்டுப் பாருங்கள். அது வட்டார அமைப்பைப் பொறுத்தது.

XLOOKUP எக்செல் 2021-லும் மைக்ரோசாஃப்ட் 365-லும் இருக்கிறது. 2019 அல்லது அதற்கு முந்தைய பதிப்பில் `#NAME?` என்று வரும். அங்கே இதை எழுதலாம்:

```
=INDEX($C$2:$C$6,MATCH(1,INDEX(($A$2:$A$6<=F2)*($B$2:$B$6>=F2),0),0))
```

உள்ளே இருக்கும் இரண்டாவது INDEX வேண்டாத சுமை போலத் தெரியும். அதை எடுத்துவிட்டால் பழைய பதிப்புகளில் ஒவ்வொரு முறையும் Ctrl+Shift+Enter அழுத்த வேண்டியிருக்கும்; அந்தத் தொல்லையைத் தவிர்க்கத்தான் அது. எந்த மண்டலத்திலும் விழாத எண்ணுக்கு இந்த வடிவம் `#N/A` தரும்.

கட்டணத்துக்கு SUMIFS வேண்டாம்

மண்டலத்துக்குப் பதில் கட்டணம் வேண்டுமென்றால் `$C$2:$C$6` என்பதை `$D$2:$D$6` என்று மாற்றினால் போதும். கட்டணம் எண்தானே, SUMIFS-இல் இரண்டு நிபந்தனை போட்டு எடுத்துவிடலாமே என்று தோன்றும். எழுதச் சுலபம், ஆனால் பொருந்தும் வரிசை இல்லாதபோது அது 0 தரும். பில்லில் 0 என்பது இலவசம் என்றுதான் படிக்கப்படும். இரண்டு வரிசைகள் பொருந்தினாலோ இரண்டு கட்டணங்களையும் கூட்டிவிடும். தேடுவதற்குத் தேடும் ஃபங்ஷனையே வைத்துக்கொள்வது நல்லது.

வரம்புகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால்

நடைமுறையில் அதிகம் கெடுப்பது இதுதான். மலை மண்டலத்துக்குள் 14500 முதல் 14599 வரை மட்டும் தீவுக் கட்டணம் என்று ஒரு மாற்றம் வருகிறது. பட்டியலின் அடியில் ஏழாவது வரிசையாக 14500, 14599, தீவு, 120 என்று சேர்த்து, ஃபார்முலாவில் 6 என்ற இடங்களை 7 ஆக்குகிறீர்கள். 14550 கொடுத்தால் இன்னும் "மலை"தான் வருகிறது. மலை இருக்கும் தாளின் மூன்றாவது வரிசை, புதிய ஏழாவது வரிசை இரண்டுமே 1 தருகின்றன. XLOOKUP மேலிருந்து தேடி முதலில் கண்டதை எடுத்துக்கொள்கிறது. புதிய வரிசை இருந்தும் இல்லாததுபோல் ஆகிவிட்டது.

இதைக் கண்ணால் பிடிப்பது கடினம். E2 செல்லில் இதை எழுதி E7 வரை இழுங்கள்:

```
=COUNTIFS($A$2:$A$7,"<="&B2,$B$2:$B$7,">="&A2)
```

ஒரு வரம்பு இன்னொன்று முடிவதற்குள் தொடங்கி, அது தொடங்கிய பிறகு முடிந்தால் இரண்டும் மோதுகின்றன. அப்படி எத்தனை வரிசைகள் மோதுகின்றன என்று இந்த ஃபார்முலா எண்ணுகிறது. ஒவ்வொரு வரிசையும் தன்னோடு தானே மோதும் என்பதால் ஒழுங்கான பட்டியலில் எல்லா இடத்திலும் 1 வர வேண்டும். இப்போது மூன்றாவது வரிசையிலும் ஏழாவதிலும் 2 வரும். 0 வந்தால் பெரும்பாலும் அந்த வரிசையில் தொடக்கமும் முடிவும் இடம் மாறியிருக்கும், அல்லது எண் உரையாகப் பதிவாகியிருக்கும்.

மோதலைத் தீர்க்க, மலை வரிசையை உடைத்துவிடுங்கள்: 14000–14499 மலை, 14500–14599 தீவு, 14600–14999 மலை. ஏழு விவர வரிசைகள் ஆகும், எல்லை 8 வரை நீளும், E நெடுவரிசை முழுவதும் 1 ஆகிவிடும். விதிவிலக்கு வரிசையை மேலே நகர்த்தி வைத்தாலும் விடை சரியாக வரும்தான். ஆனால் நாளை யாராவது பட்டியலை மறுபடி அடுக்கினால் பழைய தவறு திரும்பிவிடும்.

எண் போலத் தெரியும் உரை

20450 கிழக்கு வரம்புக்குள் விழுகிறது, கண்ணுக்கும் தெரிகிறது, ஆனால் "மண்டலம் இல்லை" என்கிறது. வேறு மென்பொருளிலிருந்து எடுத்த குறியீடுகளில் இது அடிக்கடி நடக்கும். F2-இல் இருப்பது எண் அல்ல, எண் வடிவிலான உரை. எக்செலின் ஒப்பீட்டில் எந்த உரையும் எந்த எண்ணையும்விடப் பெரியது. அதனால் முதல் கேள்விக்கு எல்லா வரிசையும் ஆம் என்று சொல்லும், இரண்டாவதற்கு எல்லாமே இல்லை என்று சொல்லும். பெருக்கினால் முழுவதும் 0.

`=ISNUMBER(F2)` என்று போட்டுப் பார்த்தால் `FALSE` வரும். ஃபார்முலாவில் `F2` வரும் இரண்டு இடத்திலும் `(F2+0)` என்று எழுதினால் உரை எண்ணாக மாறிவிடும். அப்போதும் "மண்டலம் இல்லை" என்றே வந்தால் வேறொரு செல்லில் `=F2+0` என்று போட்டுப் பாருங்கள். அங்கே `#VALUE!` வந்தால் F2 செல்லில் எழுத்தோ கண்ணுக்குத் தெரியாத ஏதோ குறியோ ஒட்டியிருக்கிறது. அதை அழித்துவிட்டு மறுபடி தட்டச்சு செய்யுங்கள். A, B நெடுவரிசைகளே உரையாக இருந்தால், ஒவ்வொரு நெடுவரிசையாகத் தேர்ந்தெடுத்து Data பட்டையில் Text to Columns சென்று உடனே Finish அழுத்தினால் எண்களாக மாறும்.

தசமம் வரும் பட்டியல்கள்

குறியீடுகள் முழு எண்கள் என்பதால் 13999, 14000 என்று முடித்துத் தொடங்குவது சரியாக இருந்தது. எடை அப்படியல்ல. 0–5, 6–10 என்று எழுதினால் 5.4 எங்கும் விழாது. 0–5, 5–10 என்று எழுதினால் சரியாக 5 இரண்டிலும் விழும். இரண்டாவது முறையில் பட்டியலை வைத்துக்கொண்டு, முடிவைத் தொடாமல் நிறுத்துங்கள்:

```
=IF(F2="","",XLOOKUP(1,($A$2:$A$6<=F2)*($B$2:$B$6>F2),$D$2:$D$6,"வரம்பு இல்லை"))
```

`>=` என்பது `>` ஆகிவிட்டது, அவ்வளவுதான். இப்போது 5 என்பது 5–10க்கே போகும். சரியாக 5 கீழ்ப் படியில் சேர வேண்டும் என்று உங்கள் கட்டண விதி சொன்னால், முதல் நிபந்தனையில் `<` வைத்து இரண்டாவதில் `>=` வையுங்கள். மோதலை எண்ணும் ஃபார்முலாவிலும் இரண்டு நிபந்தனைகளையும் `"<"`, `">"` என்று மாற்ற வேண்டும். இல்லையென்றால் ஒட்டியிருக்கும் வரம்புகளையெல்லாம் மோதல் என்று எண்ணிவிடும்.

முன்னால் உள்ள IF எதற்கென்றால், காலியான செல்லை எக்செல் இங்கே 0 என்று எடுத்துக்கொள்ளும். எடைப் பட்டியல் 0-இல் தொடங்குவதால், எடையே எழுதாத வரிசைக்கும் முதல் படிக் கட்டணம் வந்து நிற்கும். அதே காரணத்தால் "இதற்கு மேல்" என்று பொருள்படக் கடைசி முடிவைக் காலியாக விட்டாலும் அந்த வரிசை எந்த எடைக்கும் பொருந்தாது. அங்கே 999999 போன்ற, எட்ட முடியாத எண்ணைப் போட்டுவிடுங்கள்.