இரண்டு அடியில் ஒரு முழு எண்ணம்: குறள் வெண்பா எழுதும்போது சறுக்கும் இடங்கள்

குறள் வெண்பாவில் மொத்தம் ஏழே சீர்தான். முதலடியில் நான்கு, இரண்டாம் அடியில் மூன்று. எழுதப் பழகும் பலரும் அசை பிரிப்பதற்கும் தளை பார்ப்பதற்கும் பயப்படுவார்கள். அது ஒரு மாதத்தில் கைக்கு வந்துவிடும். தளை ஒன்றுகூடத் தட்டாமல், ஆனாலும் உயிர் இல்லாமல் வந்து நிற்கும் குறளை என்ன செய்வது என்பதுதான் நெடுநாள் தொல்லை. நான் தடுமாறிய ஒன்றையே எடுத்துக்கொண்டு சொல்கிறேன்.

ஏரியைத் தூர்வாராமல் விட்டால் மழையில் அது உடைந்து ஊர் அழியும். இதுதான் சொல்ல வந்தது. முதலில் வந்த வடிவம் இது:

தூர்வாரா ஏரி தொடர்மழையில் ஊரழிக்கும்
பாரறிந்த உண்மை இது.

அசை பிரித்துப் பாருங்கள், தளை எங்கேயும் தட்டாது. ஆனால் இரண்டாம் அடியைக் கையால் மறைத்துவிட்டுப் படித்தால் எதுவும் குறையவில்லை. நான்கு சீரிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. மிச்ச மூன்றும் இடத்தை நிரப்ப வந்த கூலி ஆட்கள். 'உலகம் அறிந்தது', 'உண்மை இது', 'என்றும் நிலைக்கும்' போன்றவை வந்து உட்காரும் இடம் பெரும்பாலும் இந்த இரண்டாம் அடிதான். அதனால் எழுதி முடித்ததும் நான் முதலில் செய்வது இந்த மறைக்கும் சோதனையைத்தான்.

இந்தத் தவறைத் திருத்தப் போகும்போது இன்னொன்று வரும். முதலடி சொன்னதையே இரண்டாம் அடியிலும் வேறு சொல்லில் சொல்லி, 'இரண்டும் சமமாக இருக்கிறதே' என்று திருப்திப்படுவது. நான்குக்கு மூன்று என்பதே சமமில்லாத பங்கு. குறைந்த சீர் உள்ள பக்கத்தில் கனமான பொருள் உட்கார்ந்தால்தான் தராசு நேராக நிற்கும். 'கற்க கசடறக் கற்பவை கற்றபின் நிற்க அதற்குத் தக' என்பதில், கற்பதற்கு நான்கு சீர் போகிறது. அதன்படி நடப்பதற்கு மூன்றே சீர். ஆனால் படித்து முடித்தபின் மனதில் நிற்பது அந்த மூன்றுதான். அங்கே நான்காம் சீரான 'கற்றபின்' செய்யும் வேலையையும் கவனியுங்கள். அது முதலடியில் இருந்தாலும் அடுத்த அடியின் வாசலில் கால் வைத்துவிட்டது. காரணம் முடிந்து விளைவு தொடங்கும் கீல் அது.

கீல் எப்போதும் அடி முடியும் இடத்திலேயே இருக்க வேண்டும் என்று நினைப்பதும் தவறுதான். 'அகர முதல எழுத்தெல்லாம் ஆதி பகவன் முதற்றே உலகு' என்பதில் உவமை மூன்றாம் சீரோடு முடிந்துவிடுகிறது. 'ஆதி பகவன்' என்ற தொடர் இரண்டு அடிக்கும் நடுவே பாலம் போலக் கிடக்கிறது. பொருளின் பாதி வேறு, அடியின் பாதி வேறு.

சரி, என் ஏரிக்கு வருவோம். காரணத்தை முதலடியில் நிறுத்தி, விளைவை இரண்டாம் அடிக்குத் தள்ளினேன்.

தூர்வாரா ஏரி தொடர்மழை தாங்காது
ஊர்மேல் வருமே உடைந்து.

இப்போது மறைத்தால் ஏதோ குறைகிறது, அதனால் முன்னேற்றம்தான். 'கரை' என்று இரண்டாம் அடியைத் தொடங்கத்தான் முதலில் ஆசைப்பட்டேன். கரை உடைவதுதானே விஷயம்? ஆனால் 'தாங்காது' காய்ச்சீர். காய்க்குப் பின் நேரசை வர வேண்டும். 'கரை' நிரையசை, தளை தட்டும். ஒவ்வோர் அடிக்குள்ளும் தளை பார்த்துவிட்டு, நான்காம் சீருக்கும் ஐந்தாம் சீருக்கும் நடுவே பார்க்க மறப்பது எல்லாரும் செய்வது. கண்ணுக்கு அடி முறிந்தாலும் தளைக்கு அங்கே முறிவு கிடையாது. 'ஊர்' நேரசை என்பதால் தப்பித்தது; 'தூர்' என்பதற்கு எதுகையாகவும் அமைந்தது.

ஆனால் 'வருமே' என்னை உறுத்தியது. அந்த ஏகாரம் எதற்கு? 'வரும்' என்று மட்டும் நிறுத்தினால் ஒரே அசை, சீர் நிரம்பாது. அதை நிரப்ப ஒட்டவைத்த ஏகாரம் அது. 'முதற்றே' என்பதில் உள்ள ஏகாரம் உறுதியாகச் சொல்வதற்கு வந்தது, எடுத்தால் அழுத்தம் போய்விடும். என்னுடையதை எடுத்தால் ஓசை தவிர எதுவும் போகாது. ஏழு சீரில் ஒன்று வேலை செய்யாமல் உட்கார்ந்திருந்தால் ஏழில் ஒரு பங்கு பாட்டு வீண்.

கடைசிச் சீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாட்டுக்குள்தான் அது முடிய வேண்டும். நாம் இயல்பாகப் பேசும் வாக்கியமோ வினைமுற்றில் முடியும்: 'உடைந்து ஊரை வாரிச் செல்லும்.' இந்தச் 'செல்லும்' நேர்நேர், கடைசியில் நிற்கத் தகுதியில்லை. இங்கே பலர் செய்வது, வேறு வழி இல்லாமல் 'ஆம்', 'காண்', 'தான்' என்று ஓரசைச் சொல் ஒன்றைக் கொண்டுவந்து ஒட்டுவது. அதைவிட வாக்கியத்தைத் திருப்பிப் போடுவது மேல். 'செல்லும் உடைந்து' என்றால் எச்சம் கடைசியில் போய் நிற்கிறது. 'உடைந்து' பிறப்பு வாய்பாடு. பழைய குறள்களில் இப்படி எச்சத்திலும் பெயரிலும் முடிவன பல இருப்பதற்கு இந்தக் கட்டும் ஒரு காரணம். நான் இப்போதெல்லாம் கடைசிச் சொல்லை முதலில் தீர்மானித்துவிட்டு, பின்னாலிருந்து முன்னால் வருகிறேன். அப்புறம் ஒட்டுப்போட வேண்டிய தேவை வராது.

திருப்பிப் போட்டபோதுதான் 'வாரிச் செல்லும்' உள்ளே வந்தது.

தூர்வாரா ஏரி தொடர்மழை தாங்காது
ஊர்வாரிச் செல்லும் உடைந்து.

'வாரா', 'வாரி'. மண்ணை நாம் வாரவில்லை, அதனால் ஏரி ஊரை வாருகிறது. விளக்கம் எதுவும் இல்லாமலே இரண்டு அடியும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்கின்றன. எதுகையை ஓர் எழுத்தோடு நிறுத்தாமல் இழுத்துப் பார்த்ததில் கிடைத்தது. எப்போதும் கிடைக்காது, கிடைக்காதபோது இதற்காகவே ஒரு சொல்லை வளைத்தால் 'ஊர்மேல்' என்று நேராக நிற்பதே நல்லது.

படித்த நண்பர் ஒருவர், 'ஏரியா செல்லும், வெள்ளம்தானே செல்லும்?' என்றார். நியாயமான கேள்வி. 'ஊர்வாரும் வெள்ளம் உடைந்து' என்று மாற்றியும் பார்த்தேன், தளை ஒழுங்காகவே வருகிறது. ஆனால் உடைவது ஏரி, வெள்ளம் அல்ல. முதலடியில் வந்த எழுவாய் இரண்டாம் அடியில் மாறினால், இரண்டு அடி இரண்டு வாக்கியமாகிவிடும். அதனால் ஏரியையே ஊருக்குள் நடக்க விட்டுவிட்டேன்.