ஹோட்டல் வேலை இன்டர்வியூவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹோட்டல் வேலைக்கான இன்டர்வியூவில் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே பாதி முடிவாகிவிடும். நீங்கள் கதவைத் திறந்து உள்ளே வரும்போது, எதிரே இருக்கும் மேனேஜர் மனதுக்குள் உங்களுக்கு யூனிஃபார்ம் மாட்டிப் பார்க்கிறார். இன்று மாலையே இவரை கெஸ்ட் முன்னால் நிறுத்தலாமா என்பதுதான் அவருடைய கேள்வி. சர்வீஸ், ரிசப்ஷன் வேலைகளுக்குப் போகிறவர்களுக்கு இது இன்னும் பொருந்தும்.

தோற்றம் என்றதும் பலர் கோட், டை என்று செலவு செய்துவிட்டுக் கையைக் கவனிக்காமல் வந்துவிடுகிறார்கள். மேஜையில் தட்டை வைக்கும்போது கெஸ்டின் கண்ணுக்கு நேராக வருவது உங்கள் விரல்கள்தான். அதனால் நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும், அடியில் அழுக்கு இருக்கக் கூடாது. நகப்பூச்சு உதிர்ந்து உணவில் விழலாம், மோதிரத்தின் அடியில் கை கழுவினாலும் போகாத அழுக்கு தங்கும். உணவைத் தொடும் வேலைக்கு இரண்டும் இல்லாமல் போவதே நல்லது. திருமண மோதிரம் மட்டும் இருந்தால் பெரும்பாலும் யாரும் கேட்க மாட்டார்கள்.

அடுத்தது வாசனை. சென்ட்டைத் தாராளமாக அடித்துக்கொண்டு வருவது நல்ல பழக்கம் என்று நினைக்கிறார்கள். உணவகத்தில் அது குறைதான், சாப்பாட்டின் மணத்தை அது அமுக்கிவிடும். சிகரெட் இன்னும் மோசம். வாசலில் ஒன்று பிடித்துவிட்டு வாயில் ஏலக்காய் போட்டால் வாய் மணக்கும், ஆனால் விரலும் சட்டையும் காட்டிக்கொடுத்துவிடும்.

தாடி விஷயத்தில் ஹோட்டலுக்கு ஹோட்டல் விதி மாறும். ஒன்று மழமழவென்று மழித்திருக்க வேண்டும், இல்லையென்றால் முழுதாக வளர்ந்து ஓரம் சீராக வெட்டப்பட்டிருக்க வேண்டும். இரண்டு நாள் முள்தாடியோடு போனால் எந்த விதியிலும் சேராது. மத நம்பிக்கைக்காகத் தாடியோ தலைமறைப்போ வைத்திருப்பவர்கள் அதை மறைக்க வேண்டியதில்லை. நேர்த்தியாக வைத்துக்கொண்டு, 'வேலையில் இதற்கு என்ன நடைமுறை?' என்று நேராகக் கேட்டுவிடலாம். ஷூவின் முன்பக்கம் பளபளக்க, குதிகால் பக்கம் சேறு காய்ந்து கிடப்பதும் அடிக்கடி பார்க்கிற காட்சிதான். நீங்கள் எழுந்து வெளியே போகும்போது மேனேஜர் பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான்.

சரி, இனி கேள்விகள். 'இப்படி ஒரு நிலைமை வந்தால் என்ன செய்வீர்கள்?' என்று கேட்பார்கள். இங்கேதான் மனப்பாடம் காலை வாரும். 'கெஸ்ட் சொல்வது எப்போதும் சரி' என்று ஆரம்பிப்பது ஒரு தவறு. 'உடனே மேனேஜரைக் கூப்பிடுவேன்' என்று முடித்துக்கொள்வது அடுத்தது. 'பில்லையே தள்ளுபடி செய்துவிடுவேன்' என்பது இன்னும் பெரியது, ஏனென்றால் புதிதாகச் சேர்ந்தவருக்கு அந்த அதிகாரமே கிடையாது. கேட்பவர் எதிர்பார்ப்பது கொள்கையை அல்ல. முதலில் என்ன, அப்புறம் என்ன என்ற வரிசையைத்தான்.

ஒரு உதாரணம். நான்கு பேர் சாப்பிடும் மேஜை. ஒருவர் காளான் வேண்டாம் என்று சொல்லியும், அவர் தட்டில் காளான் இருக்கிறது. கோபப்படுகிறார். என்ன செய்வீர்கள்?

'மன்னிப்புக் கேட்டு வேறு தட்டு கொண்டுவருவேன்' என்பது பாதி பதில்தான். மன்னிப்புக்கு அடுத்த வாக்கியம் இப்படி இருக்க வேண்டும்: 'காளான் உங்களுக்கு ஒவ்வாமையா, இல்லை பிடிக்காதா?' ஒவ்வாமை என்றால் அது சுவைப் பிரச்சினை இல்லை, பாதுகாப்புப் பிரச்சினை. ஏற்கெனவே சாப்பிட்டிருக்கிறாரா, உடம்புக்கு ஏதாவது செய்கிறதா என்று கேட்டு, சூப்பர்வைசருக்கு அந்த நிமிடமே சொல்ல வேண்டும். மூச்சுத்திணறல், முகவீக்கம் போல ஏதாவது தெரிந்தால் தட்டு மாற்றும் பேச்சுக்கே இடமில்லை, மருத்துவ உதவிதான் முதலில்.

வெறும் பிடிக்காத விஷயம் என்றாலும் தட்டை அங்கிருந்து எடுத்துவிட வேண்டும். காளானைப் பொறுக்கிப் போட்டுவிட்டு அதே தட்டைத் திருப்பிக் கொண்டுவருவது இந்தத் தொழிலில் மன்னிக்கப்படாத குறுக்குவழி. ஒவ்வாமை உள்ளவருக்கு அது ஆபத்து, காரணம் சாறு ஏற்கெனவே கலந்துவிட்டது. சமையலறையில் சொல்லி, எத்தனை நிமிடம் ஆகும் என்று கேட்டு, அந்த நேரத்தை கெஸ்டிடம் சொல்ல வேண்டும். பன்னிரண்டு நிமிடம் ஆகும் என்றால் பன்னிரண்டு என்றே சொல்லுங்கள். 'இதோ வந்துவிடும்' என்ற பேச்சு மூன்றாவது நிமிடத்திலேயே அவருடைய கோபத்தைத் திரும்பக் கிளப்பும்.

பலர் மறப்பது மீதி மூன்று பேரை. அவர்கள் சாப்பாடு ஆறிக்கொண்டிருக்கும், ஒருவர் மட்டும் வெறும் மேஜையோடு உட்கார்ந்திருப்பார். இடைப்பட்ட நேரத்துக்கு அவருக்கு ஒரு சூப்போ சாலட்டோ தரலாமா என்று சூப்பர்வைசரிடம் கேட்பேன் என்று நீங்களே சொன்னால், வேலை தெரிந்தவர் என்று எதிரே இருப்பவருக்குப் புரிந்துவிடும். புதுத் தட்டு வந்து இரண்டு வாய் சாப்பிட்ட பிறகு ஒருமுறை போய்க் கேட்பதும் பதிலில் இருக்கட்டும். தப்பு சமையலறையுடையதா, ஆர்டர் எடுத்தவருடையதா என்ற பஞ்சாயத்து கெஸ்ட் முன்னால் வேண்டவே வேண்டாம். இன்டர்வியூ பதிலிலும் வேண்டாம்.

ரிசப்ஷன் வேலைக்கு வேறொரு பொறி வைப்பார்கள். 'என் நண்பர் இங்கே தங்கியிருக்கிறார், ரூம் நம்பர் சொல்லுங்கள்' என்று ஒருவர் வந்து நின்றால்? உதவும் ஆர்வத்தில் சொல்லிவிடுவேன் என்றால் அதோடு முடிந்தது. அறைக்கு ஃபோன் செய்து, தங்கியிருப்பவர் சம்மதித்தால் பேச வைக்கலாம். எண்ணைச் சொல்லக் கூடாது. வந்தவர் எவ்வளவு நெருக்கமாகப் பேசினாலும் இது மாறாது.

கடைசியாக வேலை நேரம். 'எந்த ஷிஃப்ட் என்றாலும் ரெடி' என்று சொல்வது நல்ல பதில் போலத் தோன்றும். அனுபவமுள்ள மேனேஜர் அதை நம்புவதில்லை, ஏனென்றால் பிரேக் ஷிஃப்டைத் தாங்க முடியாமல் சீக்கிரமே நின்றுபோனவர்களை அவர் நிறையப் பார்த்திருப்பார்.

பிரேக் ஷிஃப்ட் என்பது ஒரே நாளின் வேலையை இரண்டாகப் பிரிப்பது. உணவகத்தில் மதியமும் இரவும் கூட்டம், நடுவில் காலி. அதனால் பகல் 11 முதல் 3 வரை, மறுபடி இரவு 7 முதல் 11 வரை என்று போடுவார்கள். வேலை எட்டு மணி நேரம், ஆனால் அதற்காக நாளில் பன்னிரண்டு மணி நேரம் போகும். வீடு ஒரு மணி நேரத் தொலைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் கிடைக்கும் நான்கு மணி நேரத்தில் போக வர இரண்டு போய்விடும். வேலைக்கு முன்பு உடை மாற்றித் தயாராகும் நேரத்தையும் கழித்தால் வீட்டில் இருப்பது ஒன்றரை மணி நேரம். அந்த இடைவெளிக்குப் பெரும்பாலும் சம்பளமும் இல்லை.

இரவு 11 என்பதும் காகிதத்தில்தான். கடைசி மேஜை எழுந்து, மறுநாளுக்கு மேஜை அடுக்கி முடிக்க அரை மணி நேரம் கூடும். வீடு சேரும்போது நள்ளிரவு பன்னிரண்டரை. மறுநாள் காலை உணவுக்கு ஆறரை மணி ஷிஃப்ட் என்று யாருக்கு எப்போது வேலை எனப் போடும் ரோஸ்டரில் இருந்தால், ஐந்தரைக்கே கிளம்ப வேண்டும், தூக்கம் நான்கு மணி நேரத்துக்கு மேல் தேறாது. பிரேக் ஷிஃப்டை விட ஆளை உடைப்பது இந்தத் தொடர்ச்சிதான்.

இதையெல்லாம் சேர்ந்த பிறகு தெரிந்துகொள்வதுதான் தவறு. 'கேட்டால் சோம்பேறி என்று நினைப்பார்களோ' என்ற பயம் வேண்டாம், கேட்கும் விதம்தான் முக்கியம். 'பிரேக் ஷிஃப்ட் கஷ்டமா இருக்குமா?' என்று கேட்பதை விட, 'வாரத்தில் எத்தனை நாள் பிரேக் ஷிஃப்ட் வரும்? ரோஸ்டர் எத்தனை நாள் முன்னால் கிடைக்கும்?' என்று கேளுங்கள். இடைவெளியில் ஸ்டாஃப் ஓய்வெடுக்க இடம் உண்டா, இரவு முடியும் நேரத்தில் வண்டி ஏற்பாடு உண்டா, நைட் முடித்தவருக்கு மறுநாள் காலை ஷிஃப்ட் போடுவார்களா என்பதையும் கேட்டுவிடுங்கள். 'அதெல்லாம் அப்போ பார்த்துக்கலாம்' என்று பதில் வந்தால், அங்கே ரோஸ்டர் முந்தின இரவுதான் எழுதப்படுகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.